தங்கைக்கு 23, அவருக்கு 42: இது அக்கறையா, பிடியா?

கொடிமுல்லை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 23 வயது. கோவையில் ஒரு சின்ன டிசைன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. அதன் உரிமையாளருக்கு 42 வயது, விவாகரத்தானவர், குழந்தை இல்லை. சேர்ந்த சில மாதங்களிலேயே இருவரும் நெருக்கமாகிவிட்டார்கள். இப்போது ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, அவருக்குச் சொந்தமான ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். அவர் வேறு வீட்டில் இருக்கிறார், வந்துபோகிறார்.

அப்பா அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப்போகிறேன் என்கிறார். அம்மாவுக்கு அழுகைதான். எனக்கு வேறு குழப்பம். என் கணவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அது வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் இவள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வயது மட்டும்தானா?

அவளிடம் கேட்டால், "அவர் என்னை எவ்வளவு நல்லா பாத்துக்கறார் தெரியுமாக்கா" என்கிறாள். அது பொய்யில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தார். அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை என்று மனது சொல்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கர்

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மூத்தவர் வயதில் பாதியோடு ஏழைக் கூட்டுங்கள். 42ல் பாதி 21, ஏழு சேர்த்தால் 28. துணை அதற்குக் கீழே இருந்தால் சரிவராது. உங்கள் தங்கைக்கு 23. எனக்குத் தெரிந்து இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பெரியவர்_கும்பகோணம்

அம்மா, ஒன்பது வயது வித்தியாசத்துக்கா இவ்வளவு கவலை? எங்கள் காலத்தில் பத்து, பன்னிரண்டு சர்வசாதாரணம். மாப்பிள்ளை நல்ல குணமுள்ளவராக இருந்தால் போதும். ஜாதகம் பார்த்துவிட்டீர்களா? பொருத்தம் இருந்தால் தயங்காமல் முடியுங்கள்.

கொடிமுல்லை

ஐயா, ஒன்பது வயது என்று சொன்னது எனக்கும் என் கணவருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் கேட்பது தங்கையைப் பற்றி. அங்கே வித்தியாசம் பத்தொன்பது, தவிர அவர் அவளுக்கு முதலாளி.

மணிமேகலை_மதுரை

கொடிமுல்லை, நான் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பதில் சொல்வதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளம் எந்தக் கணக்குக்கு வருகிறது, அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஃப்ளாட்டுக்கு அவள் பெயரில் ஒப்பந்தம் ஏதாவது உண்டா? படிப்புச் சான்றிதழ்களின் அசல் எங்கே இருக்கிறது? கல்லூரித் தோழிகளில் இப்போதும் அவளோடு பேசுகிறவர்கள் யார்? கடைசியாக, அவர் ஆசைப்பட்ட ஏதாவது ஒன்றுக்கு அவள் "வேண்டாம்" என்று சொன்னது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள் என்ன நடந்தது?

அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து யாராலும் பதில் சொல்ல முடியாது. இவற்றுக்குச் சொல்ல முடியும்.

கொடிமுல்லை

தெரிந்ததைச் சொல்கிறேன் மேடம்.

முதல் சில மாதம் சம்பளம் முழுதாக வந்தது. அப்புறம் "உனக்குச் செலவு பண்ணத்தான் தெரியும், நான் சேத்து வெச்சுத் தர்றேன்" என்று பாதியை அவரே வைத்துக்கொள்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஃப்ளாட்டுக்கு வாடகை வாங்குவதில்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை. சான்றிதழ் அசல்களை வேலையில் சேரும்போதே அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டார்கள். அங்கே எல்லோருக்கும் அப்படித்தானாம். ஸ்கூட்டர் அவர் வாங்கிக் கொடுத்தது, ஆர்.சி. அவர் பெயரில்.

தோழிகள் என்று பார்த்தால் ஒருத்தி மட்டும் இன்னும் பேசுகிறாள். மற்றவர்களை "சின்னப்பிள்ளைத்தனம்", "பொறாமை" என்று அவர் சொல்லிச் சொல்லி, இவளே விலகிவிட்டாள். போனில் லொகேஷன் எப்போதும் அவருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறாள். பாதுகாப்புக்காம்.

"வேண்டாம்" சொன்னது ஒன்று ஞாபகம் இருக்கிறது. அந்தத் தோழியின் கல்யாணம் சேலத்தில். முதல் நாளே போக வேண்டும் என்றாள். அவர் போகாதே என்று சொல்லவில்லை, "உன் இஷ்டம்" என்றாராம். ஆனால் இவள் கிளம்பும் நேரத்தில் அவருக்கு ஒற்றைத் தலைவலி. இவள் போய்விட்டாள். அதற்கப்புறம் நான்கு நாள் பேசவில்லை. அலுவலகத்திலும் ஒரு வார்த்தை இல்லை. அவள் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். இவள் அழுது மன்னிப்புக் கேட்டதும் பழையபடி ஆகிவிட்டார், ஒரு சங்கிலியும் வாங்கித் தந்தார். அன்றிலிருந்து அவள் வெளியூர் எங்கும் போவதில்லை. எங்கள் வீட்டுப் பொங்கலுக்குக்கூட வரவில்லை. "எனக்கே போகத் தோணலக்கா" என்றாள்.

தும்பி

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. "எனக்கே தோணல." நானும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது 21, அவருக்கு 38. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் மூத்தவர். "உன் வயசுப் பொண்ணுங்க மாதிரி இல்ல நீ, உனக்கு முதிர்ச்சி ஜாஸ்தி" என்பார். அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. பிறகுதான் அது எப்படி வேலை செய்தது என்று புரிந்தது. முதிர்ச்சி உள்ளவள் அழமாட்டாள், கேள்வி கேட்கமாட்டாள், தோழிகளிடம் போய்ச் சொல்லமாட்டாள். எனக்கு ஏதாவது வலித்தால், நான் இன்னும் வளரவில்லை என்று நானே நினைத்துக்கொள்வேன்.

அவரும் கத்தியதே இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனம் எப்போது முடியும் என்று தெரியாது. என்ன செய்தால் முடியும் என்பதை நானாகக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டத்துக்கு மேல் அவர் எதையும் தடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது, ஏனென்றால் நானே முன்கூட்டித் தவிர்த்துவிடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் சண்டையே இல்லாத அருமையான ஜோடி.

மணிமேகலை_மதுரை

தும்பி சொன்னதுதான் இதில் பிறருக்குப் புரிய வைக்கவே கஷ்டமான இடம். மையத்துக்கு வருகிறவர்களிடம் "அவர் உன்னை என்ன செய்யவிடாமல் தடுக்கிறார்?" என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். உண்மையாகவே சொல்வார்கள். அதனால் நான் வேறு மாதிரிக் கேட்பேன். ஒரு வருடத்துக்கு முன்னால் செய்துகொண்டிருந்தது எதை இப்போது செய்வதில்லை? அது எப்போது நின்றது? நின்றதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது? இந்த வரிசையில் கேட்கும்போது நடந்தவை ஒன்றோடொன்று கோத்ததுபோல அவர்கள் வாயாலேயே வரும். சேலம் கல்யாணம், நான்கு நாள் மௌனம், கைமாறிப்போன வேலை, சங்கிலி, அப்புறம் பொங்கலுக்கு வராதது. இந்த ஐந்தில் எதையும் தனியாக எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க முடியாது. சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

கணக்கருக்கு ஒரு பதில். உங்கள் சூத்திரம் இந்த ஜோடி விஷயத்தில் எச்சரிக்கிறது, அது சரிதான். 23 வயதுக்கும் 42 வயதுக்கும் இடையில் அனுபவத்தில் உள்ள தூரம் நிஜமானது. ஆனால் அதே சூத்திரத்தை 30 வயதுப் பெண்ணுக்கும் 46 வயது ஆணுக்கும் போட்டால் பொருந்திவிடும். அந்த 46 வயதுக்காரர் அவள் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தாலும் பொருந்தும். வயது வித்தியாசத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறவற்றைப் பார்க்க வேண்டும். இங்கே அவரிடம் வீடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, அவள் சம்பளமும் சான்றிதழும் இருக்கின்றன, நாளைக்கு அவள் வேறு வேலைக்குப் போனால் அனுபவச் சான்று எழுதித் தருகிறவரும் அவரே. அவர் ஒரு கல்யாணத்தைப் பார்த்து முடித்தவர். அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு உறவே இல்லை. இருவருக்கும் மனஸ்தாபம் வந்தால், அவருக்கு ஒரு காதல் போகும். அவளுக்கு அதோடு வீடு, வேலை, வண்டி, சேமிப்பு எல்லாமே ஒரே நாளில் போகும். அப்படி இருக்கும்போது அவள் சொல்கிற "சரி"யில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு பயம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

வடதிசை

எனக்கு 46, என் துணைக்கு 29. சிங்கப்பூரில் இருக்கிறோம். இந்த இழையைப் படித்தால் என்னைப் போன்ற எல்லோரும் வேட்டைக்காரர்கள் போலத் தோன்றுகிறது. நான் அவளை மனதார நேசிக்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது, சம்பளமும் எனக்குத்தான் அதிகம். அது என் குற்றமா? நான் முன்னால் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

தும்பி

அண்ணா, குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கே அவங்க உங்களைவிட்டுப் போக முடிவு செய்தால், அடுத்த மாதம் எங்கே தங்குவாங்க? கையில் எவ்வளவு இருக்கும்? உங்களிடம் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல அவங்களால் முடியுமா?

வடதிசை

இதுவரை யோசித்ததில்லை. அவள் இங்கே என்னைச் சார்ந்தவர் விசாவில் இருக்கிறாள். வேலைக்குப் போக விருப்பம் என்று சொல்லியிருக்கிறாள், "என்ன அவசரம்" என்றேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

மணிமேகலை_மதுரை

நம்புகிறேன். உங்களை ஒரு பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் யோசிக்கிறவர்கள் குறைவு.

பலம் அதிகம் உள்ளவர் உண்மையாக நேசித்தால் அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். அவர் தன் பிடியைத் தானே தளர்த்திக்கொள்வார். அலுவலகத்தில் காதல் வந்துவிட்டது என்றால், அவளுடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் அவள் வேறு வேலை தேட, தன் சொந்தச் செலவில்கூட, உதவுவார். ஃப்ளாட்டில் தங்கவைத்தால் குறைந்த வாடகைக்காவது அவள் பெயரில் ஒப்பந்தம் போடுவார். அவளைப் பிரிய நேர்ந்தால் தனக்கு வசதிக்குறைவு, அவளுக்குப் பாதுகாப்பு, என்கிற மாதிரி ஏற்பாடுகள் இருக்கும். அப்புறம் கோபம். கோபம் எல்லோருக்கும் வரும். அவள் சேலம் போனது பிடிக்கவில்லையென்றால், "எனக்கு வருத்தமா இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுவார். அந்த வருத்தத்தை அலுவலகத்து வேலையில் காட்டமாட்டார்.

உங்கள் வீட்டில் "என்ன அவசரம்" என்பது அவங்க இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதிலாக இருந்தால் நீங்கள் கவனிக்க வேண்டும். அவங்க மூன்றாவது முறை கேட்பதையே நிறுத்தியிருந்தால் இன்னும் அதிகமாக.

பெரியவர்_கும்பகோணம்

முதலில் நான் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும் அம்மா. இதையெல்லாம் படித்தபோது என் பெற்றோர் நினைவு வந்தது. அவர்களுக்கிடையில் பதினாலு வயது வித்தியாசம். அப்பா அம்மாவை ஒரு சுடுசொல் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் வாங்கி வருவார். ஆனால் வங்கி, பத்திரம், வரி எதிலும் அம்மாவை விட்டதில்லை. "உனக்கெதுக்கு இந்தத் தலைவலி" என்பார். அப்பா போனபோது அம்மாவுக்குக் காசோலையில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாது. குடும்ப ஓய்வூதியத்துக்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். அது அன்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் அம்மா கையில் ஒன்றுமே இல்லை. இதை எதில் சேர்ப்பீர்கள்?

மணிமேகலை_மதுரை

ஐயா, இதற்கு என்னிடம் சுத்தமான பதில் கிடையாது. உங்கள் அப்பா அந்த அதிகாரத்தை அம்மாவுக்கு எதிராக ஒருமுறையும் பயன்படுத்தவில்லை என்றுதான் நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது. ஆனால் பயன்படுத்தியிருந்தால் அம்மாவால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர் நல்லவராக இருந்ததை மட்டும் நம்பி ஒரு முழு வாழ்க்கை ஓடியிருக்கிறது. அன்பும் சார்ந்திருத்தலும் ஒரே வீட்டில் ஐம்பது வருடம் சேர்ந்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

வேர்க்கடலை

மணிமேகலை மேடம் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெரியவரின் அம்மாவுக்கு யாரும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கொடுக்கவில்லை. அதை அன்பு என்று மெழுகுவதால்தான் இன்றைக்கு ஒரு 23 வயதுப் பெண் "அவர் பாத்துக்கறார்" என்று சொல்லும்போது நமக்கு அது நல்ல விஷயமாகக் கேட்கிறது.

இன்னொன்று, என் கதை தலைகீழ். எனக்கு 26, அவருக்கு 41, பெண். அவர் வீட்டில்தான் இருக்கிறேன். என் போனைத் தினமும் பார்ப்பார். நண்பர்களிடம் சொன்னால் "கொடுத்துவைத்தவன்டா" என்று சிரிக்கிறார்கள். ஆணாக இருப்பதால் இதை யாரிடம் கொண்டுபோவது என்றே தெரியவில்லை.

கருப்பு_அங்கி

வழக்கறிஞர். மதுரைக் கிளையிலும் கோவையிலும் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன்.

முதலில் கொடிமுல்லையின் அப்பாவுக்கு: தயவுசெய்து "காணவில்லை" என்று புகார் கொடுக்க வேண்டாம். 18 வயது தாண்டிய இருவர் விருப்பத்தோடு பழகினால், வயது வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் நம் நாட்டில் அது குற்றமில்லை. ஸ்டேஷனிலோ ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றத்திலோ அவளை வரவழைத்து, யாரோடு போகிறாய் என்று அவளைத்தான் கேட்பார்கள். வயது வந்த பெண்ணின் முடிவில் பெற்றோர் தலையிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018ல் ஹாதியா வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவள் "அவரோடு போகிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மனம் மாறினாலும் வீட்டுக்குத் திரும்ப வெட்கப்படுவாள். இதை நான் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, பணத்தைப் பிடித்து வைப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் அதில் வருகின்றன. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அது பொருந்தும், ஆனால் உறவு திருமணத்தைப் போன்றதாக இருக்க வேண்டும். 2010ல், கோவையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் அதற்கு என்னென்ன வேண்டும் என்று சொன்னார்கள். சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளும் தகுதி இருவருக்கும் இருக்க வேண்டும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்திருக்க வேண்டும், கணிசமான காலம் ஒரே வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். செலவைப் பார்த்துக்கொண்டு வந்துபோவது போதாது. உங்கள் தங்கை விஷயத்தில் அவர் வேறு வீட்டில் இருப்பதால் இந்தச் சட்டம் கைகொடுக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் அவர் முதலாளி என்பதால் வேறொரு கதவு இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. விருப்பத்தோடு நடக்கும் உறவை அது தடுப்பதில்லை. உறவில் அவள் "வேண்டாம்" என்றதற்காக வேலையில் பழிவாங்கினால் அது துன்புறுத்தலாகப் பார்க்கப்பட வாய்ப்பிருக்கிறது. புகார் முதலாளி மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, அலுவலகத்துக்குள் கொடுக்க வேண்டியதில்லை, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகாரை அவள்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் இல்லை.

வேர்க்கடலை தம்பி, 2005 சட்டத்தில் ஆண்கள் மனுதாரராக முடியாது. அது ஒரு குறைதான் என்பது என் கருத்து. மிரட்டலோ அடியோ இருந்தால் சாதாரணக் குற்றச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

தேம்ஸ்_கரை

லண்டனிலை இருக்கிறன். இங்கை 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலை இந்தக் கட்டுப்பாட்டு நடத்தையே தனிக் குற்றம், அஞ்சு வருசம் வரை சிறை. ஒரு சம்பவத்தை எடுத்துப் பார்க்கிறதில்லை, திரும்பத் திரும்ப நடந்ததா, அதாலை மற்றவரின்ரை அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதா எண்டுதான் பார்ப்பினம். ஆணோ பெண்ணோ ஆர் வேணுமெண்டாலும் முறையிடலாம். ஆனால் நிரூபிக்கிறது லேசில்லை. எங்கடை ஆக்களிலை ஒரு பிள்ளை மெசேஜுகளை எல்லாம் அழிச்சுப்போட்டு வந்து நிண்டவ, சரியாக் கஷ்டப்பட்டவ. ஒண்டையும் அழிக்க வேண்டாம் எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ.

கொடிமுல்லை

எல்லோருக்கும் நன்றி. ஆனால் இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்தாலே "நீயும் அப்பா மாதிரி ஆரம்பிச்சுட்டியா" என்கிறாள்.

தும்பி

அக்கா, சொல்லாதீர்கள். எனக்கு உதவியவள் என் அறைத்தோழி. "அவனை விடு" என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளிடமும் பேசுவதை நிறுத்தியிருப்பேன், ஏனென்றால் "உன்னைப் பிரிக்கப் பார்ப்பாங்க" என்று அவர் முன்னாடியே சொல்லி வைத்திருந்தார். அவள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். எப்போதாவது, "அது நடந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்பாள். எனக்கு எப்படி இருந்தது என்று வேறு யாருமே கேட்கவில்லை.

மணிமேகலை_மதுரை

இதையேதான் நானும் சொல்ல இருந்தேன். கூடவே இரண்டு விஷயம்.

அவள் வாழ்க்கையில் அவர் கையில் இல்லாத ஒன்றை உருவாக்குங்கள். பெரிதாக வேண்டாம். இப்போது இருக்கும் சம்பளக் கணக்கு எந்த வங்கியோ அது இல்லாமல் வேறு வங்கியில் அவள் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு உங்கள் வீட்டு முகவரி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் பேசி, "எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கும், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்" என்று அவர் வாயாலேயே அவளிடம் சொல்ல வையுங்கள். வீட்டுக் கதவு மூடியிருக்கும்வரை அந்த ஃப்ளாட்டை விட்டு அவள் எங்கே போவாள்? அப்பாவின் கோபம் இப்போது அந்த மனிதருக்குத்தான் உதவி செய்துகொண்டிருக்கிறது.

மற்றொன்று, எச்சரிக்கை. கத்தாத, அடிக்காத ஆளும் பிடி நழுவுகிறது என்று தெரியும்போது மாறலாம். பிரியும் சமயம்தான் ஆபத்து அதிகமுள்ள சமயம். அதனால் லொகேஷனைத் திடீரென்று அணைக்கச் சொல்லாதீர்கள். அணைத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவள் தயாரான பிறகு, பாதுகாப்பான இடத்தில் இருக்கும்போது செய்யட்டும். அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தைத் திறந்து, தனக்குத் தெரியாத கணினி ஏதாவது இணைந்திருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். இருந்தால் அவளுடைய செய்திகளை வேறொருவரும் படிக்கிறார் என்று அர்த்தம், நீங்கள் எழுதுவதையும் சேர்த்து. அவசரம் என்றால் 181 எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு.

கணக்கர்

ஒன்று கேட்கிறேன். அவரே மாறினால்? சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தமும் போட்டுக் கொடுத்தால் இந்த உறவு சரியென்று சொல்வீர்களா? இல்லை, 19 வயது வித்தியாசத்தில் அது முடியவே முடியாதா?

மணிமேகலை_மதுரை

முடியும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். கேட்டதும் கொடுத்துவிட்டு, அப்புறமும் முகம் மாறாமல் இருந்தால் நான் யோசிப்பேன். கொடுத்துவிட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் முதல் வேலையில் இருக்கும் பெண்ணோடு முதலாளியே பழகத் தொடங்கியதில் ஆரம்பமே சரியில்லை என்று நினைக்கிற சகாக்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வேர்க்கடலை

நான் அந்தச் சகாக்கள் பக்கம்.

கொடிமுல்லை

ஒரு தகவல். அவளோடு இரண்டு ஞாயிறு சும்மா பேசினேன், அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேற்று அவளாகவே, "அக்கா, இதுவரைக்கும் அவர்கிட்ட எவ்வளவு சேந்திருக்குன்னு கேட்டேன், 'என்னை நம்பலையா'ன்னு கேட்டார்" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. நானும் தோண்டவில்லை. சான்றிதழ்களை எப்படித் திருப்பி வாங்குவது என்று மட்டும் கேட்டாள். கருப்பு அங்கி ஐயா, என்ன சொல்லட்டும்?

கருப்பு_அங்கி

வாயால் கேட்க வேண்டாம். அலுவலக முகவரிக்கு, தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து இரண்டே வரி. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அசல் சான்றிதழ்கள் தேவைப்படுகின்றன, இன்ன தேதிக்குள் தரவும் என்று. குற்றச்சாட்டு, விளக்கம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் நிஜமாகவே விண்ணப்பிக்கட்டும், அதுவும் அவளுக்கு உதவும். கொடுத்துவிட்டால் நல்லது, வாங்கியதும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்கட்டும். கொடுக்கவில்லையென்றால், ஊழியரின் அசல் சான்றிதழைத் தடுத்து வைத்திருக்கிறார் என்பதற்கு அந்த மின்னஞ்சலே ஆதாரம். அடுத்து வக்கீல் நோட்டீஸ், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளத்துக்கும் இதே மாதிரிதான், ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. வங்கிக் கணக்கு அறிக்கையில், முழுச் சம்பளம் வந்த மாதங்களையும் பாதி வந்த மாதங்களையும் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.